மூச்சு நின்ற இடங்கள்: ஒரு நூலக உரையைச் செவிக்கு ஏற்றபடி திருத்திய நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், ஆகஸ்ட் 12 அன்று நூலகர் நாள் கூட்டம் ஒன்றை நடத்தியது. வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் அந்தக் கூட்டத்தில் தலைமையுரை வாசிக்க வேண்டியிருந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரம் ஆறு நிமிடம். உரையை அவரே எழுதியிருந்தார். ஓர் எழுத்துப் பிழையோ ஒற்றுப் பிழையோ அதில் இல்லை. கூட்டத்திற்கென அச்சான சிறு மலரில் அப்படியே இடம்பெறத் தக்க நல்ல கட்டுரை அது. ஆனால் வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தபோது இரண்டாம் பக்கத்திலேயே மூச்சு வாங்கியதாகவும், வயதாகிவிட்டதால் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை போலும் என்றும் அவர் சொன்னார். முன்பு சில ஆண்டுகள் வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தவன் என்பதால், அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

குறை நுரையீரலில் இல்லை என்பது தாளைப் பார்த்ததுமே ஓரளவு தெரிந்தது. ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், கைப்பேசியில் பதிவு செய்தபடி உரை முழுவதையும் ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். மொத்தம் 640 சொற்களை அவர் எட்டு நிமிடம் பத்து விநாடியில் வாசித்தார். அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 சொற்கள். இது மந்தமான வேகம் அல்ல. ஆங்கில உரைகளுக்குச் சொல்லப்படும் நிமிடத்திற்கு 130 அல்லது 150 சொல் என்ற கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். 'பயன்பாட்டிற்காகத்தான்' என்பது நமக்கு ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் மூன்று நான்கு சொற்களாகிவிடும். ஆகவே பொதுவான கணக்கு எதையும் நம்பாமல், வாசிப்பவரின் சொந்த வேகத்தை அளந்து, அதன்படி உரையின் நீளத்தை முடிவு செய்வதே சரி. அவருடைய வேகத்தில் ஆறு நிமிடத்திற்கு ஏறத்தாழ 460 சொற்கள் போதும்.

பதிவைத் திரும்பக் கேட்டு, அவர் மூச்சு இழுத்த ஒவ்வோர் இடத்திலும் தாளில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டேன். இந்த ஆய்வில் மிகுந்த பயன் தந்த வேலை அதுதான். பிறகு நான் சொன்ன திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோடுகள் விழுந்த இடங்களிலிருந்து பிறந்தவையே.

முதல் பத்தியின் ஒரே வாக்கியம்

உரையின் தொடக்க வாக்கியம் இது:

"1890ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவால் அடிக்கல் நாட்டப்பட்டு, 1896ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பொதுமக்களின் பயன்பாட்டிற்காகத் திறந்து வைக்கப்பட்டு, 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நடைமுறைக்கு வந்ததன் தொடர்ச்சியாக 1950ஆம் ஆண்டில் மாநில மைய நூலகமாக அறிவிக்கப்பட்ட, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் அமைந்துள்ள கன்னிமாரா பொது நூலகமே நம்மில் பலருக்கு முதன்முதலாகப் புத்தக வாசனையைக் காட்டிய இடமாகும்."

கண்ணுக்கு இதில் குறையில்லை. 48 சொற்கள் கொண்ட இந்த வாக்கியத்தில் 'கன்னிமாரா பொது நூலகம்' என்ற பெயர் 39ஆவது சொல்லில்தான் தொடங்குகிறது. தாளில் படிப்பவர் வாக்கியத்தின் இறுதியைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் கண்ணை மேலே நகர்த்திக்கொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எதற்கு அடிக்கல் நாட்டினார்கள், எதைத் திறந்து வைத்தார்கள் என்று தெரியாமலே, அரை நிமிடத்திற்கு மேல் நான்கு ஆண்டுகளையும் ஒரு சட்டத்தையும் அவர் மனத்தில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதும், பெயரைப் பற்றிய செய்தி எல்லாம் பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னால் அடுக்கப்படுவதும் மொழியின் இயல்பு. அந்த இயல்பு எழுத்தில் நீள நீள அழகாகத் தோன்றலாம். காதுக்கோ அத்தனையும் சுமையாகிவிடுகிறது.

இதைச் சோதிக்க, அந்த நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணை அழைத்து, தாளைக் காட்டாமல் அந்த வாக்கியத்தை மட்டும் அம்மையாரை வாசிக்கச் செய்தோம். பிறகு என்ன கேட்டாய் என்று விசாரித்தபோது, "கன்னிமாரா லைப்ரரி பத்தி, சார்... 1950ல ஏதோ ஆச்சு" என்றாள். கடைசியாகக் கேட்டதையும் பெயரையும் தவிர எதுவும் தங்கவில்லை. அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கோப்பில் எழுதிப் பழகிய கை, தம்பி. ஒரு பொருளுக்கு ஒரு வாக்கியம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றார்.

அவருடைய மூச்சு நின்ற இடங்களும் இதையே காட்டின. அந்த வாக்கியத்திற்குள் அவர் நான்கு முறை மூச்சு இழுத்திருந்தார்: 'ஆளுநராக இருந்த' என்பதற்குப் பின், 'பயன்பாட்டிற்காகத்' என்பதற்குப் பின், 'தொடர்ச்சியாக' என்பதற்குப் பின், 'மாநில மைய' என்பதற்குப் பின். இவற்றில் மூன்றாவது மட்டுமே நிற்கத் தக்க இடம். 'இருந்த' என்ற பெயரெச்சம் தன் பெயரைத் தேடித் தவிக்கிறது. அதற்கும் 'கன்னிமாரா பிரபு'வுக்கும் இடையே காற்றுப் புகுந்தால் கேட்பவருக்கு உரை அறுந்ததுபோல் தோன்றும். 'மாநில மைய' என்ற அடைமொழியும் அப்படியே 'நூலகமாக' வரும்வரை தொங்குகிறது. அவர் வேண்டுமென்றே அங்கெல்லாம் நிற்கவில்லை. நிற்க நல்ல இடத்தை வாக்கியம் கொடுக்காததால், காற்று தீர்ந்த இடத்தில் நின்றார்.

துண்டாக்கியதில் வந்த சிக்கல்

நீண்ட வாக்கியத்தை உடைக்கச் சொன்னதும், மறுநாளே அவர் இப்படி எழுதி வந்தார்:

"எழும்பூரில் கன்னிமாரா நூலகம் உள்ளது. அதற்கு 1890இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது 1896இல் திறக்கப்பட்டது. 1950இல் அது மாநில மைய நூலகம் ஆனது."

வாசித்துக் கேட்டால் பொது அறிவுத் தேர்வுக்குப் பிள்ளை ஒப்பிப்பது போல இருந்தது. காரணம் நீளக் குறைவு மட்டுமல்ல. தமிழில் வினைமுற்று வந்ததும் குரல் தானாக இறங்கும். நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை குரல் இறங்கினால், அதுவும் ஒவ்வொரு முறையும் '-அது' என்ற ஒரே ஒலியில் இறங்கினால், கேட்பவர் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அந்தத் தாளத்தைக் கேட்கத் தொடங்கிவிடுவார். வினையெச்சத்திற்கு இதற்கு நேர்மாறான பண்பு உண்டு. 'வந்து', 'கட்டி', 'திறக்க' என்று முடியும் இடத்தில் குரல் இறங்காமல் நிற்கிறது; இன்னும் இருக்கிறது, பொறுங்கள் என்று கேட்பவருக்கு அது சொல்கிறது. அங்கே மூச்சு இழுத்தாலும் உரை அறுவதில்லை. ஆகவே வினையெச்சங்களை எல்லாம் வெட்டி எறிவது தவறான மருந்து. ஒரு வினைமுற்றுக்கு முன் ஒன்று அல்லது இரண்டு வினையெச்சம் என்று வைத்துக்கொண்டு, பெயரெச்ச அடுக்குகளை மட்டும் தனி வாக்கியங்களாக்குவது என்று முடிவு செய்தோம்.

மூன்றாம் வடிவம் இது. ஒற்றைச் சாய்கோடு சிறு நிறுத்தம். இரட்டைச் சாய்கோடு முழு மூச்சு.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது, / கன்னிமாரா பொது நூலகம். //
நம்மில் பலர், / புத்தக வாசனையை முதலில் முகர்ந்த இடம் அதுதான். //
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறில் அதற்கு அடிக்கல் நாட்டியவர், / அன்றைய ஆளுநர் கன்னிமாரா பிரபு. //
கட்டி முடித்துக் கதவைத் திறக்க, / ஆறு ஆண்டுகள் ஆயின. //
சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, / பொது நூலகச் சட்டம் வந்தது. //
அந்தச் சட்டத்தின் வழியே, / ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், / இதுவே மாநிலத்தின் மைய நூலகம் ஆயிற்று. //

நூலகத்தின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. பிறகு வருவது எல்லாம் அதன்மேல் ஏறி உட்காருகிறது. முதல் வரியில் வினையை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் தள்ளியது பேச்சில் இயல்பாக நிகழ்வதுதான். 'எங்கே இருக்கிறது, என் கண்ணாடி?' என்று வீட்டில் நாள்தோறும் கேட்கிறோம். ஆனால் இதில் ஒரு மயக்கம் உண்டு. இந்த வடிவம் பிடித்துப்போய் அவர் உரை முழுவதும் ஆறு இடங்களில் இதைச் செய்து வந்தபோது, தொலைக்காட்சியில் கோயில் வரலாறு சொல்லும் பின்னணிக் குரல் போல ஆகிவிட்டது. நான்கை மாற்றி, இரண்டை மட்டும் விட்டுவைத்தோம்.

முதல் வடிவில் இருந்த நான்கு ஆண்டுகள் இரண்டாகக் குறைந்திருப்பதைக் கவனிக்கலாம். 1896 என்பது தாளில் நான்கு இலக்கம். வாயில் அது 'ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் ஆண்டு' என்று ஏறத்தாழ மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறது. அப்படி நான்கு முறை சொன்னால் ஒரு முழு மூச்சு எண்ணிலேயே செலவாகிவிடும். 1890ஐச் சொல்லிவிட்டு 'ஆறு ஆண்டுகள் ஆயின' என்றால், 1896 கேட்பவருக்குத் தானே கிடைக்கிறது. 'சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு' என்பதற்கு யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய ஆண்டுகளை வாசிப்புப் பிரதியில் இலக்கமாக விடாமல் எழுத்தால் எழுதினோம். முதல் பதிவில் 1948 வந்த இடத்தில் அவர் ஒரு கணம் தயங்கி, 'ஆயிரத்து எண்ணூற்று' என்று தொடங்கித் திருத்திக்கொண்டிருந்தார். இலக்கத்தைப் பார்த்ததும் வாய் தானாக முந்தைய எண்ணைத் தொடர்வதால் வரும் தடுமாற்றம் அது.

ஒற்று தொங்கும் இடம்

'பயன்பாட்டிற்காகத்' என்பதற்குப் பின் அவர் நின்றது தனியாகப் பேச வேண்டிய இடம். அவர் ஒற்றுக்களை விடாமல் ஒலிப்பவர். ஆகவே 'பயன்பாட்டிற்காகத்' என்று த்-ஐ முழுதாக ஒலித்து, அதன்மேல் நின்று, மூச்சு இழுத்து, பிறகு 'திறந்து' என்றார். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டு விட்டதைப் போன்ற ஓர் ஒலி ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வல்லினம் மிகும் இடத்தில் இரண்டு சொற்கள் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. வாசிப்பவருக்கு அந்த ஒற்று, இங்கே நிற்காதே என்ற அடையாளம். எழுத்து வழக்கிலும் காற்புள்ளி வரும் இடத்தில் ஒற்று எழுதுவதில்லை. எனவே வாசிப்புப் பிரதியில் ஒரு சாய்கோடு க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின் விழுந்தால், கோட்டை நகர்த்த வேண்டும், அல்லது ஒற்றை எடுத்துவிட்டுக் காற்புள்ளி வைக்க வேண்டும். அம்மையார் இதை எளிதில் ஏற்கவில்லை. "ஒற்றை எடுத்தால் பிழை ஆகாதா? மலரைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார். மலருக்கு அவருடைய கட்டுரை அப்படியே போகட்டும், மேடைக்குப் போகும் தாள் வேறு, அதை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொன்ன பிறகே சம்மதித்தார்.

இதோடு சேர்த்து, மூச்சுக்கோடு விழக் கூடாத வேறு சில இடங்களையும் அவருடைய பதிவிலேயே கண்டோம். 'வந்து கொண்டிருந்தார்' என்பதில் முதல் வினைக்கும் துணைவினைக்கும் இடையில் நிற்க முடியாது. 'நூலகங்கள் குறித்து' என்பதில் 'குறித்து' தன் பெயரோடு ஒட்டியே வர வேண்டும். 'என்று' என்பது தனக்கு முன்னுள்ள பேச்சோடு சேர்ந்தது. அதற்கு முன் நின்றுவிட்டு 'என்று சொன்னார்' எனத் தொடங்கினால் செயற்கையாகக் கேட்கும், 'என்று' சொல்லிவிட்டு நின்றால் உறுத்தாது. பெயரின் முதலெழுத்துக்களுக்கும் பெயருக்கும் இடையில் வரி உடையக் கூடாது, அவர் 'எஸ்.ஆர்.' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடியது பதிவில் நன்றாகக் கேட்டது.

ஐந்து விதிகளை எண்ணிய விதம்

உரையின் நடுப்பகுதி எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றியது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தவர் அவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக, நூலகம் வளரும் உயிர். அம்மையார் ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, 'ஆகிய ஐந்து விதிகளை வகுத்தவர் ரங்கநாதன்' என்று முடித்திருந்தார். எழுத்துத் தமிழில் 'ஆகிய' பட்டியலின் பின்னால் வருவது முறை. கேட்பவரோ எத்தனை வரப்போகிறது, யாருடையது என்று தெரியாமலே ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டே இருப்பார். மூன்றாவது வந்ததும் முதலாவது நழுவியிருக்கும்.

திருத்திய வடிவில் எண்ணும் ஆளும் முன்னால் வந்தன: "நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார் ரங்கநாதன். // ஐந்தையும் நான் சொல்லப் போவதில்லை. // நான்காவது விதி மட்டும்: / வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. //" இதைத் தொடர்ந்து, தாம் இளம் வயதில் ஒரு புத்தகத்துக்காக அலைந்ததையும், நூலகர் ஒருவர் அடுக்கைத் தேடாமலே எடுத்துக் கொடுத்ததையும் மூன்று வரியில் சொன்னார். மற்ற நான்கு விதிகளும் மலரில் இருக்கின்றன. உரையிலிருந்து போன 180 சொற்களில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்தும் விளிப்புகளிலிருந்தும் போனது. மேடையில் இருந்த ஆறு பேருக்கும் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி 'அவர்களே' என்று முடித்தால் உரை தொடங்கும் முன்பே ஒரு நிமிடம் போய்விடும் என்பது சென்னைக் கூட்டங்களுக்குச் செல்பவர் எவருக்கும் தெரியும். இருவரைப் பெயர் சொல்லி விளித்து, மற்றவர்களை 'மேடையில் அமர்ந்துள்ள பெரியோர்களே' என்று சேர்த்தோம்.

பேச்சுத் தமிழுக்கு மாற்றலாமா என்ற கேள்வியும் எழுந்தது. "மேடையில் வீட்டுப் பேச்சு எனக்கு வராது" என்று அவர் மறுத்ததை நானும் வலியுறுத்தவில்லை. வராத நடையில் வாசித்தால் வாசிப்பது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். எழுத்துத் தமிழுக்குள்ளேயே வாய்க்கு அருகில் இருக்கும் வடிவங்களைத் தேர்ந்தால் போதும் என்பதே என் கருத்து. 'உள்ளது' என்பதை 'இருக்கிறது' என்றும், '-இற்கு' என்பதை '-உக்கு' என்றும் மாற்றினோம். 'இடமாகும்' என்பதில் உள்ள 'ஆகும்' தேவையின்றி ஒட்டியிருந்த இடமெல்லாம் போனது. 'நாளிதழ்கள் மற்றும் வார இதழ்கள்' என்பது 'நாளிதழ்களும் வார இதழ்களும்' ஆனது. 'மற்றும்' வந்த இடமெல்லாம் அவர் குரல் ஒருமுறை இடறியிருந்தது.

தாளும் அன்றைய நாளும்

வாசிப்புப் பிரதியை 18 புள்ளி அளவு எழுத்தில், விரிந்த வரி இடைவெளியோடு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டோம். கணினி வரியை உடைத்த இடத்தில் விடாமல், மூச்சு வரும் இடத்திலேயே ஒவ்வொரு வரியையும் முடித்தோம். எந்த வாக்கியமும் அடுத்த தாளுக்குத் தாண்டவில்லை. தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடப்பட்டது. அங்கே எழுத்து இருந்தால் தலை தாழ்ந்து, தொண்டை மடங்கி, குரல் ஒலிவாங்கிக்கு எட்டாமல் போகும். ஆகஸ்ட் மாதச் சென்னையில் கூரை விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது என்பதால், தாள்களைப் பிடியுள்ள எழுது அட்டையில் வைத்தோம்.

மூச்சுக்கோடுகளை நான் போட்டுக் கொடுக்கவில்லை. புதிய வடிவத்தை அவரை இருமுறை வாசிக்கச் செய்து, அவர் மூச்சு இயல்பாக விழுந்த இடங்களையே குறித்தோம். அவருக்கு ஒரு மூச்சுக்கு எட்டு ஒன்பது சொல் சரியாக இருந்தது. வேறொருவருக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும். கடைசி ஒத்திகையில் 460 சொற்கள் ஐந்து நிமிடம் ஐம்பது விநாடியில் முடிந்தன. புத்தகம் அடுக்கும் பெண்ணை மறுபடி அழைத்துக் கேட்டோம். அடிக்கல் நாட்டியவர் யார், திறக்க எத்தனை ஆண்டு ஆயிற்று, சட்டம் எப்போது வந்தது என்ற மூன்றையும் சொன்னாள்.

கூட்டத்தன்று உரை ஐந்து நிமிடம் இருபது விநாடியிலேயே வாசிக்கப்பட்டது. படபடப்பில் வேகம் கூடும் என்பது எதிர்பார்த்ததே. நான்காவது விதியைச் சொன்னதும் பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. அவர் அதற்குக் காத்திராமல் தொடர்ந்ததால் அடுத்த வரி யாருக்கும் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி இடைவெளி விட்டிருக்க வேண்டும்; அது என் பிழை.

ஆனால் உரை முடிந்து, தாள் தீர்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. முதல் நாள் இரவு தாமாகக் கையால் எழுதிச் சேர்த்திருந்த நன்றி வாக்கியம் ஒன்று இருந்தது. 'இந்த நல்ல வாய்ப்பை எனக்கு வழங்கிய வாசகர் வட்டத்தின் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், இந்நூலகத்தின் நூலகர் அவர்களுக்கும், பணியாளர்கள் அனைவருக்கும் எனது நெஞ்சார்ந்த நன்றியினைத் தெரிவித்துக்' என்று வந்து, அந்த க்-இல் காற்று தீர்ந்து நின்றார். அரை விநாடி மௌனம். பிறகு 'கொள்கிறேன்' வந்தது.

மறுநாள் பதிவை அனுப்பினேன். மாலையில் அந்தக் கைப்பிரதியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வாக்கியத்தை அடித்துவிட்டு, அதன்கீழ் இப்படி எழுதி, கோடுகளையும் தாமே போட்டிருந்தார்: "இந்த வாய்ப்பைத் தந்தது வாசகர் வட்டம். // தலைவருக்கும் செயலாளருக்கும் நன்றி. // தினமும் கதவைத் திறந்து வைக்கும் நூலகருக்கும், / பணியாளர்களுக்கும், / என் வணக்கம். //"